பணத்தைத் திருப்பித் தராத கடைக்கு ஒரு நோட்டீஸ்

வாங்கிய பொருள் பழுதாகி, கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டால், பெரும்பாலோர் எழுதும் முதல் கடிதம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

"ஐயா, உங்கள் கடையில் வாஷிங் மெஷின் வாங்கினேன். வாங்கிய நாளிலிருந்தே பிரச்சினை. பல முறை போன் செய்தும் சரியான பதில் இல்லை. மெக்கானிக் வருகிறார், போகிறார், ஒன்றும் ஆகவில்லை. நேரில் கேட்டால் உங்கள் ஊழியர் மரியாதை இல்லாமல் பேசுகிறார். வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள், துணி துவைக்க எவ்வளவு கஷ்டப்படுகிறோம் தெரியுமா? நீங்கள் ஏமாற்றுக்காரர்கள். என் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது புது மெஷின் கொடுங்கள், அல்லது ஒழுங்காகச் சரிசெய்து கொடுங்கள். மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம் ரூபாய் தர வேண்டும். இல்லாவிட்டால் போலீஸிலும் கோர்ட்டிலும் பார்த்துக்கொள்கிறேன்."

கோபம் நியாயமானது. ஆனால் இந்தக் கடிதத்தால் பணம் திரும்பி வருவது கடினம். இதை எப்படித் திருத்தி எழுதுவது என்பதை ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துக்கொண்டு பார்ப்போம். பாளையங்கோட்டையில் இருக்கும் ஒரு பெண்மணி, திருநெல்வேலி ஷோரூம் ஒன்றில் 18,990 ரூபாய்க்கு மெஷின் வாங்கினார். அதே பில்லில் 1,200 ரூபாய்க்கு ஸ்டாண்டும் வாங்கினார். மேலே உள்ள கடிதம் அவர் எழுதியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதத் தொடங்கும் முன் இந்த நோட்டீஸை யாரெல்லாம் படிக்கப் போகிறார்கள் என்று யோசிக்க வேண்டும். முதலில் கடைக்காரர் படிப்பார். அவருக்குக் கதை ஏற்கெனவே தெரியும். விவகாரம் முடியாமல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போனால், அங்கே தலைவரும் உறுப்பினர்களும் படிப்பார்கள். அவர்களுக்கு எதுவும் தெரியாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 38-ஆம் பிரிவு, புகார்களைப் பிரமாணப் பத்திரத்தையும் தாக்கல் செய்யப்பட்ட ஆவணங்களையும் வைத்தே விசாரிக்கச் சொல்கிறது. சினிமாவில் வருவதுபோலக் கூண்டில் ஏறிக் கண்ணீரோடு சொல்லும் வாய்ப்பு அநேகமாகக் கிடைக்காது. தாளில் இருப்பதுதான் வழக்கு. அதனால் நோட்டீஸின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஒரு தாள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே எழுத வேண்டும்.

ஆகவே முதல் வேலை எழுதுவது அல்ல. பில், வாரண்டி கார்டு, டெக்னீஷியன் கையெழுத்திட்ட ஜாப் ஷீட்டுகள், புகார் எண் வந்த எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பித் தேதிவாரியாக அடுக்க வேண்டும். நம் பெண்மணி அடுக்கியபோது வந்த வரிசை இது. மெஷின் வாங்கியது 12.3.2025. வீட்டுக்கு வந்தது 14.3.2025. துணி பிழியும் கட்டத்தில் முதல் தடவை நின்றது 2.4.2025, அன்றே புகார். 5.4.2025-இல் டெக்னீஷியன் வந்து பெல்ட்டை மாற்றினார். 20.4.2025-இல் மறுபடியும் நின்றது. 24.4.2025-இல் எலெக்ட்ரானிக் போர்டை மாற்றினார்கள். 9.5.2025-இல் மூன்றாம் தடவை அதே பழுது. 13.5.2025 ஜாப் ஷீட்டில் டெக்னீஷியனே எழுதிவிட்டார்: "பழுது தொடர்கிறது. மோட்டார் மாற்ற வேண்டும். பாகம் கையிருப்பில் இல்லை."

அடுக்கி முடித்ததும் பழைய கடிதத்தின் ஓட்டைகள் தாமாகவே தெரியும். "வாங்கிய நாளிலிருந்தே பிரச்சினை" என்ற வரி சரியல்ல. மெஷின் வீட்டுக்கு வந்து 19 நாள் கழித்துத்தான் முதல் புகார் பதிவானது. ஆத்திரத்தில் எழுதிய இந்த ஒரு வரியை எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வார். முதல் வாக்கியமே தப்பு என்றால் மற்றதை எப்படி நம்புவது என்று கேட்பார். "பல முறை" என்பதும் அப்படித்தான். பதிவான புகார் மூன்று, அதற்கு மூன்று எண்கள் உண்டு. "பல" என்பதைவிட "மூன்று" வலுவானது, ஏனென்றால் மூன்றை மறுக்க முடியாது.

அடுக்கும்போது நமக்குச் சாதகமில்லாத ஒன்றும் வெளியே வரும். 9.5.2025 புகாருக்கு டெக்னீஷியன் மறுநாளே வருவதாகப் போன் செய்திருந்தார். இவர் அப்போது வெளியூரில் இருந்ததால் 13-ஆம் தேதி வரச் சொன்னார். இதை மறைக்கத் தோன்றும். மறைக்கக் கூடாது. கம்பெனியின் கணினியில் அந்த அழைப்பு கட்டாயம் பதிவாகியிருக்கும். அவர்கள் வாயிலிருந்து வந்தால் அது நம்மேல் குற்றச்சாட்டு, நாமே ஒரு வரியில் சொல்லிவிட்டால் வெறும் தகவல். மூன்று நாள் தாமதம் நம்முடையது என்று ஒப்புக்கொள்ளும் கடிதத்தைப் படிப்பவர், மீதி நாள்களைப் பற்றிச் சொல்வதையும் நம்பத் தொடங்குவார்.

இனி, இந்த வழக்கின் நடு எலும்பு: பணத்தைக் கேட்ட நாளும் மறுத்த நாளும். பெரும்பாலான கடிதங்களில் இந்த இரண்டும்தான் இருக்காது. பழுதைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவார்கள், பணம் கேட்டது எப்போது, யாரிடம், என்ன பதில் வந்தது என்று எழுத மாட்டார்கள். சட்டத்தின் 2(47) பிரிவு, முறையற்ற வணிக நடைமுறை எவையெவை என்று சொல்லும் பட்டியல். பழுதான பொருளை விற்றுவிட்டு, அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுக்க மறுப்பதும் அதில் இருக்கிறது. பில்லில் கெடு குறிப்பிட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள்ளும், குறிப்பிடவில்லை என்றால் 30 நாளுக்குள்ளும் கொடுக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லின் அடியில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். பழுதான பொருளின் விஷயத்தில் அந்த அச்சு சட்டத்தை மீறி நிற்காது. ஆனால் நிறம் பிடிக்கவில்லை, வேறு கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகத் திருப்பிக் கொடுக்க நினைப்பவருக்கு இந்தப் பிரிவு உதவாது. அங்கே பேச வேண்டியது கடையின் ரிட்டர்ன் விதியை மட்டுமே.

நம் பெண்மணி 2.6.2025 அன்று கடைக்கு நேரில் போனார். "கம்பெனியைக் கேளுங்கள், எங்களுக்குச் சம்பந்தம் இல்லை" என்றார் விற்பனை மேலாளர். இது வாய்வார்த்தை. நாளைக்கு அவர் அப்படிச் சொல்லவே இல்லை என்பார். இதைத் தாளுக்குக் கொண்டுவர எளிய வழி உண்டு. 4.6.2025 அன்று கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அவர் இப்படி அனுப்பினார்: "2-ஆம் தேதி நேரில் வந்து பணத்தைத் திருப்பிக் கேட்டேன். கம்பெனியைக் கேட்கச் சொல்லிவிட்டீர்கள். மூன்று தடவை பழுதுபார்த்தும் சரியாகவில்லை. பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேட்கிறேன்." 6.6.2025 அன்று பதில் வந்தது: "விற்ற பொருளைத் திரும்ப எடுக்க முடியாது. சர்வீஸ் சென்டரைப் பாருங்கள்." மறுப்பு இப்போது கையில் இருக்கிறது. அந்த உரையாடலை அழிக்காமல், எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, போனையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

மேலே சொன்ன 30 நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று சட்டம் விரித்துச் சொல்லவில்லை. எழுத்தில் கேட்ட நாளிலிருந்து எண்ணுவது பத்திரமான வழி. 4.6.2025-இல் தொடங்கினால் 4.7.2025-இல் 30 நாள் முடிகிறது. நோட்டீஸை 20.6.2025 அன்று அனுப்பிக் கிடைத்த நாளிலிருந்து 15 நாள் கெடு கொடுத்தால், கெடு முடியும்போது அந்த 30 நாளும் கடந்திருக்கும். அவசரப்பட்டார் என்று யாரும் சொல்ல இடமிராது.

யார் பெயருக்கு அனுப்புவது என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கடையின் போர்டில் இருப்பது வியாபாரப் பெயர். பில்லில் இருக்கும் சட்டப்படியான பெயர் வேறாக இருக்கலாம். அது தனிநபர் கடையா, கூட்டு நிறுவனமா, பிரைவேட் லிமிடெட்டா என்று பார்க்க வேண்டும். பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் இட்டுத் தேடினால் இரண்டு பெயர்களும் வந்துவிடும். தயாரிப்பு நிறுவனத்தின் முகவரி வாரண்டி கார்டில் இருக்கும். கடை கம்பெனியைக் காட்டும், கம்பெனி கடையைக் காட்டும் என்பதால் ஒரே நோட்டீஸில் இருவரையும் முகவரியிட்டு விடுவது நல்லது. கம்பெனியின் தலைமை அலுவலகம் வெளிமாநிலத்தில் இருந்தால் ஓர் ஆங்கிலப் பிரதியும் சேர்த்து அனுப்பலாம்.

திருத்திய நோட்டீஸ் இதோ. பத்திகளுக்கு எண் இட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. பதில் சொல்பவர் ஒவ்வொரு எண்ணுக்கும் ஆம் அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டிய நெருக்கடி வரும்.

"நாள்: 20.6.2025. பெறுநர்: (1) விற்பனையாளர், (2) தயாரிப்பு நிறுவனம். பொருள்: 12.3.2025 தேதியிட்ட பில்லின்படி வாங்கிய, பழுதான வாஷிங் மெஷினுக்குரிய பணத்தைத் திருப்பித் தர மறுத்தது குறித்து.

1. 12.3.2025 அன்று உங்களில் முதலாமவரிடம், இரண்டாமவர் தயாரித்த வாஷிங் மெஷின் ஒன்றை ரூ.18,990-க்கும், அதற்கான ஸ்டாண்டை ரூ.1,200-க்கும் வாங்கி, மொத்தம் ரூ.20,190-ஐ வங்கிக் கணக்கிலிருந்து செலுத்தினேன் (இணைப்பு 1: பில், இணைப்பு 2: வங்கிக் கணக்கு விவரம்). மெஷின் 14.3.2025 அன்று என் வீட்டில் பொருத்தப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டு வாரண்டி உண்டு (இணைப்பு 3).

2. 2.4.2025 அன்று துணி பிழியும்போது மெஷின் நின்றது. அன்றே புகார் செய்தேன். 5.4.2025 அன்று டெக்னீஷியன் பெல்ட்டை மாற்றினார் (இணைப்பு 4).

3. 20.4.2025 அன்று அதே பழுது மீண்டும் வந்தது. 24.4.2025 அன்று எலெக்ட்ரானிக் போர்டு மாற்றப்பட்டது (இணைப்பு 5).

4. 9.5.2025 அன்று மூன்றாம் முறையாக அதே பழுது ஏற்பட்டது. மறுநாள் டெக்னீஷியன் வர முன்வந்தார். நான் ஊரில் இல்லாததால் என் வேண்டுகோளின்படி 13.5.2025 அன்று வந்தார். மோட்டார் மாற்ற வேண்டும் என்றும் பாகம் கையிருப்பில் இல்லை என்றும் ஜாப் ஷீட்டில் எழுதினார் (இணைப்பு 6). அன்றிலிருந்து மெஷின் இயங்கவில்லை.

5. 2.6.2025 அன்று கடைக்கு நேரில் வந்து பணத்தைத் திருப்பிக் கேட்டேன். கம்பெனியைக் கேட்கும்படி விற்பனை மேலாளர் கூறினார். 4.6.2025 அன்று வாட்ஸ்அப்பில் எழுத்து மூலம் கேட்டேன். 6.6.2025 அன்று எழுத்து மூலம் மறுத்தீர்கள் (இணைப்பு 7).

6. மூன்று பழுதுபார்ப்புக்குப் பின்னும் அதே பழுது தொடர்வதால் இது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(10)-இன் பொருளில் குறைபாடுள்ள பொருள். பணத்தைத் திருப்பித் தர மறுத்தது பிரிவு 2(47)-இன்படி முறையற்ற வணிக நடைமுறை.

7. ஆகவே, இந்த நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் நீங்கள் இருவரும் சேர்ந்தோ தனித்தனியாகவோ கீழ்க்கண்டவற்றைச் செய்யக் கோருகிறேன்: (அ) ரூ.20,190-ஐ, 12.3.2025 முதல் திருப்பித் தரும் நாள் வரை ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டியுடன், நான் செலுத்திய அதே வங்கிக் கணக்கில் செலுத்துதல். (ஆ) 13.5.2025-க்குப் பின் வெளியில் துணி வெளுத்த செலவு ரூ.1,640 (இணைப்பு 8: ஐந்து ரசீதுகள்). (இ) இழப்பீடு ரூ.10,000. மெஷினும் ஸ்டாண்டும் என் வீட்டில் இருக்கின்றன. பணம் கிடைத்ததும் உங்கள் செலவில் எடுத்துச் செல்லலாம்.

8. தவறினால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் தாக்கல் செய்வேன்."

பழைய கடிதத்தில் இருந்த எதெல்லாம் இதில் இல்லை என்று கவனியுங்கள். ஏமாற்றுக்காரர்கள் என்ற வசை இல்லை. அதை நிரூபிக்க வேண்டிய சுமையை நாமாக ஏற்க வேண்டியதில்லை. போலீஸ் மிரட்டலும் இல்லை. இது பழுதான பொருளைப் பற்றிய சிவில் விவகாரம், மிரட்டல் நம்மைத்தான் அவசரக்காரராகக் காட்டும். ஊழியர் மரியாதையின்றிப் பேசியது மனசைப் புண்படுத்திய விஷயம்தான். ஆனால் எந்த ஊழியர், எந்த நாள், என்ன சொன்னார் என்று சொல்ல முடியாதபோது அதை விட்டுவிடுவதே மேல்.

பெரிய மாற்றம் ஏழாம் பத்தியில். பழைய கடிதம் பணம், புது மெஷின், பழுதுபார்ப்பு என்று மூன்றையும் "அல்லது" போட்டுக் கேட்டது. அப்படிக் கேட்டால் தேர்ந்தெடுக்கும் உரிமை கடைக்காரர் கைக்குப் போய்விடும். அவருக்கு மலிவானது பழுதுபார்ப்பு. நான்காம் முறையாக டெக்னீஷியனை அனுப்பிவிட்டு, நோட்டீஸில் கேட்டதைச் செய்துவிட்டோம் என்று பதில் எழுதுவார். மூன்று முறை பார்த்தும் சரியாகாத மெஷினுக்குப் பணம்தான் வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டால் அதை மட்டும் கேட்க வேண்டும். மாற்று மெஷினும் சம்மதம் என்றால், பணம் தர இயலாத நிலையில் என்று வரிசை வைத்துச் சொல்ல வேண்டும்.

ஐந்து லட்சம் எப்படிப் பத்தாயிரம் ஆனது? பழைய 1986 சட்டத்தில் எந்த ஆணையத்துக்குப் போவது என்பதைத் தீர்மானிக்கக் கேட்ட இழப்பீடும் சேர்த்துக் கணக்கிடப்பட்டது. 2019 சட்டத்தில் பொருளுக்குச் செலுத்திய தொகை மட்டுமே கணக்கு. 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. ஆகவே இழப்பீட்டை ஊதிக் கேட்பதால் எந்த வசதியும் கூடாது. 20,190 ரூபாய்ப் பொருளுக்கு ஐந்து லட்சம் கேட்கும் கடிதத்தைக் கடைக்காரர் தீவிரமாக எடுத்துக்கொள்ள மாட்டார், சமரசத்துக்கும் வர மாட்டார். வட்டியைப் பாருங்கள்: வாங்கிய நாளிலிருந்து நோட்டீஸ் நாள் வரை 100 நாள், 9 விழுக்காட்டில் ஏறக்குறைய 498 ரூபாய்தான். சிறு தொகையானாலும் எழுதி வைக்க வேண்டும், வழக்கு நீண்டால் அது வளரும். விலையும் வெளுப்புச் செலவும் இழப்பீடும் சேர்ந்து 31,830 ரூபாய். இதில் 21,830 ரூபாய்க்கு நேரடியாக ரசீது இருக்கிறது. இழப்பீடு மட்டுமே ஆணையத்தின் மதிப்பீட்டுக்கு விடப்பட்டது.

மெஷினைத் திருப்பித் தரத் தயார் என்ற வரியைப் பலர் மறப்பார்கள். பொருளையும் வைத்துக்கொண்டு பணமும் கேட்கிறார் என்ற வாதத்தை அது அடைத்துவிடுகிறது. அதுவரை வெளி மெக்கானிக்கைக் கொண்டு மெஷினைத் திறக்கக் கூடாது. தேவைப்பட்டால் ஆணையம் அதைச் சோதனைக்கு அனுப்பும், அப்போது பழுது பழுதாகவே இருக்க வேண்டும்.

நுகர்வோர் புகாருக்கு முன் நோட்டீஸ் கட்டாயம் என்று சட்டம் சொல்லவில்லை, வக்கீல் கையெழுத்தும் தேவையில்லை. ஆனாலும் பல விவகாரங்கள் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடுகின்றன என்பதால் அனுப்பத்தான் வேண்டும். டெலிவரி பதிவாகும் வகைத் தபாலில் இருவருக்கும் அனுப்பி, ரசீதையும் கண்காணிப்பு எண்ணையும் எடுத்து வைக்க வேண்டும். அதே நாளில் மின்னஞ்சலிலும் அனுப்பலாம். மூல ஆவணங்களை அனுப்பவே கூடாது, நகல்கள் மட்டும். புகார் தாக்கல் செய்ய வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். நோட்டீஸ் அனுப்பியதாலோ கடிதப் போக்குவரத்து நடப்பதாலோ அது நீளாது. "பார்க்கிறோம்" என்ற பதில்களை நம்பி மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் இங்கேதான் இழக்கிறார்கள்.

பதில் வந்தால் பெரும்பாலும் இப்படி வரும்: "மோட்டார் வந்துவிட்டது, இலவசமாக மாற்றித் தருகிறோம்." உடனே டெக்னீஷியனை உள்ளே விட்டால் நோட்டீஸ் நீர்த்துப்போகும், கதவைச் சாத்தினால் ஒத்துழைக்கவில்லை என்பார்கள். அன்றே எழுத்தில் பதில் அனுப்ப வேண்டும்: 13.5.2025-இல் தேவை என்று தெரிந்த பாகம் நோட்டீஸுக்குப் பிறகே வந்திருக்கிறது, நான் கேட்டது பத்தி 7-இல் உள்ள பணத்தைத்தான், மெஷினைப் பரிசோதிக்க வேண்டுமானால் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரலாம், ஆனால் என் சம்மதம் இல்லாமல் பாகம் மாற்றக் கூடாது. கடை தன் கிரெடிட் நோட்டைக் கொடுத்து அதே கடையில் வேறு பொருள் வாங்கச் சொன்னாலும் இதே முறையில் மறுக்கலாம். அதே கணக்கில் பணம் என்று பத்தி 7 முன்பே சொல்லியிருக்கிறது.

கெடு முடிந்தும் பதில் இல்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகார் பதிந்து பார்க்கலாம். அதிலும் தீராவிட்டால் இ-ஜாக்ரிதி தளத்தின் வழியாகவோ நேரிலோ ஆணையத்தில் தாக்கல் செய்யலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே தாக்கல் செய்ய 34-ஆம் பிரிவு இடம் தருகிறது. அப்போது புகார் மனுவைப் புதிதாக எழுத வேண்டியிருக்காது. நோட்டீஸின் முதல் ஆறு பத்திகள் அப்படியே மனுவின் உண்மைகளாகும், எட்டு இணைப்புகளும் அதே எண்களோடு உள்ளே போகும், ஒன்பதாவதாக நோட்டீஸ், பத்தாவதாகத் தபால் ரசீது.